சாதம் குழைந்தால், நடுவில் நறுக்கென்றால், அடியில் களியானால்: தண்ணீர்க் கணக்கில் பிழை எங்கே?

பெங்களூரு அல்சூரில் எங்கள் எதிர்வீட்டு அக்கா தினமும் ஒரு டம்ளர் சோனா மசூரிக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் வைப்பார். குக்கர் கிடையாது. அடி கனமான பாத்திரம், இறுக்கமான மூடி, கொதி வந்ததும் சிறு தீ. சாதம் மல்லிகைப்பூவாக உதிரும். சென்ற ஆடி மாதம் சேலத்திலிருந்து உறவினர்கள் பத்துப் பேர் வந்தார்கள். அதே அரிசியில் ஐந்து டம்ளர் எடுத்து, அதே கணக்கில் பத்து டம்ளர் தண்ணீர் ஊற்றினார். மூடியைத் திறந்தபோது கரண்டியை நட்டால் நிற்கும் அளவுக்குக் குழைந்திருந்தது. "அரிசி அதே மூட்டை, அடுப்பு அதே அடுப்பு, அளவும் அதே அளவு. எங்கே தப்பு?" என்று கேட்டார்.

தப்பு அந்த 'அதே அளவில்'தான் இருந்தது. சாதம் உதிரியாக வராததற்கு ஐந்தாறு காரணங்கள் உண்டு. ஆனால் அதிகம் பேர் தடுமாறுவது இந்த ஒரு இடத்தில் என்பதால், முதலில் இதைத் தீர்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போகலாம்.

கொஞ்சமாகச் சமைத்தால் உதிரி, நிறையச் சமைத்தால் குழைவு

நாம் ஊற்றும் தண்ணீர் இரண்டு வழியில் செலவாகிறது. ஒரு பங்கை அரிசி குடிக்கிறது. மற்றொரு பங்கு ஆவியாக வெளியே போகிறது. அரிசி குடிக்கும் பங்கு, அரிசி எவ்வளவோ அதற்கேற்பக் கூடும். ஐந்து மடங்கு அரிசி ஐந்து மடங்கு குடிக்கும். ஆவியாகும் பங்கோ அரிசியைப் பார்ப்பதே இல்லை. பாத்திரத்தின் வாய் எவ்வளவு அகலம், மூடி எவ்வளவு இறுக்கம், தீ எவ்வளவு நேரம் எரிகிறது என்பதைத்தான் பார்க்கிறது. ஐந்து டம்ளர் அரிசி வைத்தாலும் சிறு தீயில் நிற்கும் நேரம் சற்றுத்தான் கூடுகிறது. ஆகவே ஆவி ஐந்து மடங்கு ஆவதில்லை. 'ஒன்றுக்கு இரண்டு' என்று பெருக்கும்போது நாம் ஆவியையும் சேர்த்துப் பெருக்கிவிடுகிறோம். அந்த உபரித் தண்ணீர் போக வழியில்லாமல் அரிசிக்குள்ளேயே இறங்குகிறது.

அக்கா வீட்டில் சமையலறைத் தராசு இருந்தது. மறுநாள் காலை அவருடைய வழக்கமான ஒரு டம்ளரை அளந்தே பார்த்தோம். அவர் டம்ளர் 200 மில்லி. அதில் அரிசி 170 கிராம் பிடித்தது. கழுவிய நீரை முழுவதுமாக வடித்துவிட்டு, இரண்டு டம்ளர், அதாவது 400 மில்லி தண்ணீர் ஊற்றி, மூடியோடு சேர்த்துப் பாத்திரத்தை நிறுத்தோம். சாதம் வெந்து பத்து நிமிடம் அடங்கியபின், மூடியைத் திறக்காமல் மறுபடி நிறுத்தோம். எடை 120 கிராம் குறைந்திருந்தது. குறைந்தது முழுவதும் ஆவி. ஆகவே 400 மில்லியில் 120 போக, அரிசி குடித்தது 280 மில்லி. டம்ளர் கணக்கில் ஒன்றுக்கு 1.4.

இப்போது ஐந்து டம்ளருக்குக் கணக்குப் போடுங்கள். அரிசி குடிப்பது ஐந்து தரம் 1.4, அதாவது 7 டம்ளர். பெரிய பாத்திரம், வாய் சற்று அகலம், கொதி வரச் சற்று அதிக நேரம். அதற்காக ஆவிக்கு ஒரு முழு டம்ளர் வைப்போம். மொத்தம் 8 டம்ளர். அக்கா ஊற்றியதோ 10. இரண்டு டம்ளர் கூடுதல், கிட்டத்தட்ட அரை லிட்டர். எவ்வளவு நல்ல அரிசியானாலும் அவ்வளவு உபரியைத் தாங்காது. அடுத்த வாரம் ஐந்து டம்ளருக்கு எட்டு வைத்தார். பந்தியில் பரிமாறும் அளவுக்கு வந்தது.

இதைச் சூத்திரமாக எழுதிக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு:

```
தண்ணீர் = (அரிசி × ஒரு டம்ளர் குடிக்கும் அளவு) + ஆவி
```

இந்தக் கணக்குத் தெரிந்துவிட்டால், ஒருவர் 'ஒன்றுக்கு ஒன்றரை' என்றும், இன்னொருவர் 'ஒன்றுக்கு இரண்டரை' என்றும் சொல்வது ஏன் என்பதும் விளங்கும். இருவரும் தத்தம் பாத்திரத்தின் ஆவியைச் சேர்த்தே சொல்கிறார்கள். குக்கருக்குள் தனிப் பாத்திரத்தில் அரிசி வைத்து, மேலே தட்டுப் போட்டு மூடினால் அந்தப் பாத்திரத்திலிருந்து ஏறக்குறைய எதுவும் போவதில்லை. அங்கே ஆவிப் பங்கே வேண்டாம், குடிக்கும் பங்கு மட்டும் போதும். திறந்த பாத்திரத்துக்குச் சொன்ன அளவை அப்படியே குக்கர் பாத்திரத்தில் ஊற்றிக் குழைய வைப்பவர்கள் ஏராளம்.

குழைவு: முதலில் ஒரு பருக்கையைப் பாருங்கள்

அளவு சரியாக இருந்தும் குழைந்தால், சாதத்தில் ஒரே ஒரு பருக்கையை எடுத்து வெள்ளைத் தட்டில் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டு முனையும் வெடித்து, விரிந்து, பருக்கை தன் வடிவத்தை இழந்திருந்தால் தண்ணீர் அதிகம், அல்லது வேகும் நேரம் அதிகம். பருக்கை முழுசாக, வடிவம் கெடாமல் இருந்தும் விரலில் பசையாக ஒட்டினால் பழி தண்ணீரின் மேல் இல்லை. கழுவியது போதவில்லை, அல்லது அரிசி புதுசு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் அடுத்த நாள் தண்ணீரைக் குறைத்தால், ஒட்டவும் செய்யும், நடுவில் வேகாமலும் இருக்கும்.

பசை எங்கிருந்து வருகிறது? ஆலையில் தீட்டும்போது ஒரு பருக்கையோடு மற்றொன்று உரசி, மேலே மாவுத்தூள் படிகிறது. அது கொதிநீரில் கஞ்சியாகி எல்லாப் பருக்கைகளையும் ஒட்டவைக்கிறது. மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவுங்கள். மூன்றாம் தண்ணீர் பளிங்காகத் தெளிய வேண்டும் என்பதில்லை, லேசான கலங்கல் இருக்கலாம். கையால் அழுத்திப் பிசைய வேண்டாம். அலசினால் போதும், பிசைந்தால் பருக்கை உடைந்து நொய்யாகும், நொய் மறுபடி பசையாகும்.

புது அரிசி வேறு விஷயம். அறுவடையாகிச் சில மாதங்களே ஆன அரிசி வேகும்போது உள்ளிருக்கும் மாவை எளிதில் வெளியே விடும், குறைந்த நீரிலேயே குழையும். ஓராண்டு இருந்த அரிசி இறுகி, அதிகத் தண்ணீர் குடித்தும் வடிவம் மாறாமல் உப்பி நிற்கும். யஷ்வந்த்பூர் மண்டியில் பழைய அரிசிக்குக் கூடுதல் விலை கேட்பது இதனால்தான், உதிரிச் சாதம் வேண்டுமென்றால் அந்தக் கூடுதல் விலை நியாயமானது. மூட்டை மாறும்போது 'பழையதா, புதியதா' என்று கேட்டு வாங்குங்கள். புதுசுதான் கிடைத்தது என்றால் குடிக்கும் அளவை 1.4 என்பதிலிருந்து 1.2 ஆகக் குறைத்துத் தொடங்குங்கள், கழுவுவதில் ஒரு தண்ணீர் கூட்டுங்கள்.

குழைந்துவிட்ட சாதத்தை மீட்க முடியுமா? பருக்கை முழுசாக இருந்து மேல் ஈரம் மட்டும் மிகுந்திருந்தால் முடியும். மூடியை எடுத்து மிகச் சிறு தீயில் இரண்டு மூன்று நிமிடம் வைத்து, அகலத் தாம்பாளத்தில் கொட்டி, கரண்டியின் முதுகால் பரப்பி ஆறவிடுங்கள். முனை வெடித்துவிட்டால் முடியாது. வெடித்த பருக்கையை எந்த எண்ணெயும் பிரிக்காது. அதைத் தயிர்சாதமாக்கிவிடுங்கள், தயிர்சாதத்துக்குக் குழைவுதான் வேண்டும்.

நடுவில் நறுக்கென்று இருக்கிறது

ஒரு பருக்கையைத் தட்டில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேயுங்கள். நடுவே சுண்ணாம்பு போல வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அங்கே இன்னும் ஈரமும் வெப்பமும் போய்ச் சேரவில்லை. பாத்திரத்தில் தண்ணீர் மிச்சமிருக்கிறதா என்று பார்த்தால் காரணம் பிடிபடும். தண்ணீர் இருந்தும் நறுக்கென்றால் நேரம் போதவில்லை. மூடிப் பொறுத்திருங்கள். தண்ணீர் வற்றிவிட்டது என்றால், நல்ல கொதிநீர் ஒரு கை அளவு மேலே தெளித்து, மூடி, ஐந்து நிமிடம் சிறு தீயில் வையுங்கள். பச்சைத் தண்ணீர் தெளித்தால் வெந்துகொண்டிருக்கும் சூடு இறங்கிவிடும், நறுக்கு அப்படியே தங்கிவிடும்.

சென்னையிலிருந்து இங்கே குடிவந்தவர்கள் இந்தக் குறையை முதல் மாதத்திலேயே சொல்வார்கள். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 100 டிகிரியில் அல்ல, ஏறத்தாழ 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். தீயை எவ்வளவு கூட்டினாலும் கொதிக்கும் நீரின் சூடு அதற்கு மேல் ஏறாது, ஆவிதான் அதிகமாகப் போகும். ஆகவே திறந்த பாத்திரத்தில் சில நிமிடம் கூடுதலாக வேக விட வேண்டும், அந்தச் சில நிமிடத்தில் போகும் ஆவிக்காகக் கால் டம்ளர் கூடுதலாக ஊற்ற வேண்டும். அரிசி எவ்வளவு இருந்தாலும் இந்தக் கால் டம்ளரைப் பெருக்காதீர்கள், இது ஆவிக் கணக்கில் சேர்ந்தது. குக்கரில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. வெளியில் இருக்கும் அழுத்தத்தின் மேல் குக்கர் தன் அழுத்தத்தை ஏற்றுவதால் உள்ளே சூடு 100 டிகிரியைத் தாராளமாகத் தாண்டிவிடுகிறது.

மேலே நறுக்கு, அடியில் களி

இது அரிசியின் குற்றமல்ல, பாத்திரத்தின் குற்றம். உயரமான குறுகிய பாத்திரத்தில் அரிசி ஐந்தாறு விரல் உயரத்துக்கு நின்றால், அடி அரிசி முழு நேரமும் தண்ணீரில் மூழ்கி இருக்கும், மேல் அரிசி பாதி நேரத்துக்குப் பிறகு ஆவியில் மட்டும் வேகும். அகலமான பாத்திரத்துக்கு மாறுங்கள். கொதி வந்ததும் ஒரே ஒரு முறை, அடியிலிருந்து கிளறிவிட்டு மூடுங்கள். அதன்பிறகு கரண்டி போடவே கூடாது. வெந்து மென்மையான பருக்கையைக் கிளறினால் உடைந்து மாவு விடும்.

வெந்தபின் தீயை அணைத்துப் பத்து நிமிடம் மூடியபடியே விடுவதும் இதற்கான மருந்து. அந்தப் பத்து நிமிடத்தில் அடியில் மிகுந்த ஈரம் மேலே ஏறிச் சமமாகிறது, பருக்கையின் மேற்பரப்பு சற்று இறுகுகிறது. பிறகு பாத்திரத்தின் ஓரமாகத் தட்டையான கரண்டியை இறக்கி, மடித்து மடித்துப் புரட்டி எடுங்கள்.

குக்கரில் வைத்தால் மட்டும் உடைகிறது

விசில் அடங்கும் முன்பே கரண்டியால் வெயிட்டைத் தூக்கி ஆவியை வெளியேற்றுகிறீர்களா? அதுதான். அழுத்தம் சட்டென இறங்கும்போது, 100 டிகிரிக்கு மேல் சூடேறி அடங்கியிருந்த தண்ணீர் முழுவதும் ஒரே நேரத்தில் பொங்கிக் கொதிக்கும். பருக்கைக்குள் இருக்கும் நீரும் கொதித்துப் பருக்கையைக் கிழிக்கும். அழுத்தம் தானே இறங்கட்டும். இறங்கியதும் திறந்துவிடுங்கள். அரை மணி, ஒரு மணி என்று மூடியே வைத்தால் ஆவி நீராகிச் சொட்டி மேல் சாதம் சொதசொதவென்று ஆகும்.

குக்கரில் நேரடியாக அரிசி வைப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை, விசிலோடு கஞ்சி நுரை வெளியே வருவது. வெளியே போன கஞ்சியும் தண்ணீர்தான், அது ஒவ்வொரு நாளும் ஒரே அளவில் போவதில்லை. அதனால்தான் ஒரே கணக்கில் வைத்தும் ஒரு நாள் ஒரு மாதிரி வருகிறது. உள்பாத்திரத்தில் வைப்பதே நிலையான பலன் தரும் என்பது என் உறுதியான எண்ணம்.

மின்சாரக் குக்கர் வைத்திருப்பவர்கள் ஒன்றைச் சரிபாருங்கள். அதனுடன் வரும் சிறு கோப்பை பெரும்பாலும் 180 மில்லி. உள்பாத்திரத்தில் போட்டிருக்கும் கோடுகள் அந்தக் கோப்பைக்கானவை. அரிசியை வீட்டு டம்ளரில் அளந்துவிட்டுத் தண்ணீரைக் கோட்டுக்கு ஊற்றினால் கணக்கு இடிக்கும்.

அரிசிக்கு அரிசி எவ்வளவு குடிக்கும்?

கீழே சொல்வதெல்லாம் ஒரு டம்ளர் அரிசி குடிக்கும் அளவு மட்டும். உங்கள் பாத்திரத்தின் ஆவியைத் தனியாகக் கூட்டிக்கொள்ளுங்கள். மூடி போட்ட சாதாரணப் பாத்திரத்துக்கு அரை முதல் முக்கால் டம்ளர் வைத்துத் தொடங்கலாம். இவை தொடங்குவதற்கான எண்கள். உங்கள் மூட்டைக்கு ஏற்ப ஒரு முறை திருத்த வேண்டியிருக்கும்.

பழைய சோனா மசூரிப் பச்சரிசிக்கு நாம் பார்த்த 1.4. பெங்களூருக் கடைகளில் 'ஸ்டீம்' என்று எழுதி விற்கும் சோனா மசூரி, பச்சரிசிக்கும் புழுங்கலுக்கும் இடைப்பட்டது. நெல்லை ஆவியில் சிறிது நேரம் காட்டி எடுத்திருப்பார்கள், அதனால் மணி இறுகியிருக்கும், 1.6 முதல் 1.75 வரை குடிக்கும். உதிரிக்குப் பழகாத கை இதில் தொடங்குவது நல்லது, ஏனென்றால் அரை டம்ளர் தவறினாலும் இது பொறுத்துக்கொள்ளும். பச்சரிசி பொறுக்காது.

பொன்னிப் புழுங்கலரிசிக்கு 2 முதல் 2.25. நெல்லாக இருக்கும்போதே ஊறி, வெந்து, காய்ந்த அரிசி இது. உள்ளிருக்கும் மாவு ஒரு முறை கூழாகிப் பிறகு கெட்டிப்பட்டிருப்பதால் மெதுவாகத்தான் தண்ணீரை உள்ளே விடும். அரை மணி ஊறவைக்காமல் அடுப்பில் ஏற்றினால், வெளியே வெந்து நடுவில் நறுக்கென்று நிற்கும். பொறுமையாக வேகவிட்டால் குழைவது அரிது.

பாசுமதி இதற்கு நேர் எதிர். இருபது முதல் முப்பது நிமிடம் ஊறவைத்து, அந்த நீரை முழுக்க வடித்துவிட்டால், அடுப்பில் குடிப்பது 1.1 மட்டுமே, ஏனெனில் ஒரு பங்கை ஊறும்போதே குடித்துவிட்டது. ஊறவைத்த பாசுமதிக்கு ஊறாத அரிசியின் அளவை ஊற்றுவதுதான் பாசுமதி குழைவதற்குப் பெரும்பாலும் காரணம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊறினால் நீண்ட மணி கழுவும்போதே ஒடியும். சீரகச் சம்பாவுக்கும் இதே முறைதான். மணி சிறியது, பதினைந்து இருபது நிமிடம் ஊறினால் போதும், பிறகு 1.25.

எந்த அரிசி என்றே தெரியாதபோது

ஊரிலிருந்து யாரோ கட்டிக் கொடுத்த பை, ரகமும் தெரியாது, வயதும் தெரியாது. அப்போது நம் பாட்டிமார் செய்தபடி வடித்துவிடுங்கள். வடிப்பதற்கு அளவுக் கணக்கு வேண்டாம், தண்ணீர் தாராளமாக இருந்தால் போதும். ஒரு டம்ளர் அரிசிக்கு ஆறு டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, கழுவிய அரிசியைப் போடுங்கள். வெளியே வரும் மாவெல்லாம் அவ்வளவு தண்ணீரில் கரைந்து கஞ்சியோடு போய்விடுவதால் புது அரிசிகூட ஓரளவு உதிரும். பச்சரிசியானால் பத்தாவது நிமிடத்திலிருந்தே ஒவ்வொரு நிமிடமும் பருக்கையை நசுக்கிப் பாருங்கள். நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளை மிச்சமிருக்கும்போதே வடிதட்டைப் போட்டுக் கவிழ்த்துவிட வேண்டும். அந்த ஊசிமுனை, வடியும் பத்து நிமிடத்தில் தன் சூட்டிலேயே வெந்துவிடும். முழுக்க வெந்தபின் கவிழ்த்தால் வடிந்து முடிவதற்குள் குழைந்துவிடும்.

வடித்த சாதம் அந்தப் பை அரிசி குடிக்கும் அளவையும் சொல்லிவிடும். முதலில் அரிசியை எடை போட்டுக்கொள்ளுங்கள், நன்றாக வடிந்தபின் சாதத்தை எடை போடுங்கள். 170 கிராம் அரிசி 450 கிராம் சாதமாக வந்தால் குடித்தது 280 கிராம், நம் டம்ளருக்கு 1.4. மறுநாள் முதல் வடிக்காமலே வைக்கலாம். அக்கா இந்த எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதி அரிசி டின்னின் மூடிக்குள் ஒட்டிவிடுகிறார், மூட்டை மாறும்போது தாளும் மாறுகிறது.

சுடச்சுட உதிரி, மதியம் டப்பாவைத் திறந்தால் கல்

சமையலில் பிழை இல்லை. வெந்து தளர்ந்த மாவு ஆறும்போது மறுபடி இறுகுகிறது, அவ்வளவுதான். உதிரியாக வரும் அரிசிகளே இப்படி அதிகம் இறுகும், குளிர்பெட்டியில் வைத்தால் இன்னும் வேகமாக. அலுவலகத்துக்குக் கட்டுவதானால் குடிக்கும் அளவில் 0.1 கூட்டி வையுங்கள், சூடு அடங்கியதும் அரைக் கரண்டி நல்லெண்ணெய் விட்டுப் புரட்டுங்கள். இறுகிய சாதத்தின் மேல் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து மூடிச் சூடாக்கினால் பழையபடி மென்மையாகிவிடும். எலுமிச்சைச் சாதமோ புளியோதரையோ கிளறப் போகிறீர்கள் என்றால் இந்த இறுக்கத்தை மாற்ற வேண்டாம், ஆறி இறுகிய பருக்கைதான் கிளறும்போது உடையாமல் நிற்கும்.